வீட்டுப்பாடத்தால் தள்ளிப்போகும் தூக்கம்: ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் முறை

நான் ஒன்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள். வீட்டுப்பாடம் அதிகம் என்று பெற்றோர் எழுதிய கடிதங்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் நான் எதுவும் செய்ததில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதே அந்தக் கடிதங்களில் இருக்காது. "பிள்ளை ரொம்பக் கஷ்டப்படுகிறான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடிந்திருக்கும். எதைப் பார்ப்பது? நாற்பது நோட்டுகள் திருத்தக் காத்திருக்கும்போது அந்தக் கடிதம் மடிந்து டைரிக்குள்ளேயே போய்விடும்.

அப்புறம் என் மகன் மூன்றாம் வகுப்புக்கு வந்தான். ஒரு புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்தில் கணக்கு நோட்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், நான் மடித்து வைத்த அதே கடிதம்தான் அது. கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அந்த இரண்டாவது முயற்சியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது இது. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் கதை வேறு.

முதலில் ஐந்து இரவுகளை எழுதி வையுங்கள்

கடிதத்துக்கு முன்னால் ஒரு குறிப்பு வேண்டும். "தினமும் பத்து மணி ஆகிறது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் மிக மோசமான ஒரு இரவின் நினைவு. ஆசிரியருக்கும் அது தெரியும். அதனால் பள்ளி உள்ள ஐந்து நாட்களின் இரவுகளுக்கு ஒரு தாளில் நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தான், சாப்பாடு போன்ற இடைவெளிகளைக் கழித்து எத்தனை நிமிடம் வேலை செய்தான், எத்தனை மணிக்கு உண்மையில் தூங்கினான், அந்த நிமிடங்கள் எதில் போயின.

நான்காவதுதான் முக்கியம். நிறையப் பேர் அதை எழுதுவதில்லை. மொத்த நேரம் மட்டும் தெரிந்தால் "குறையுங்கள்" என்றுதான் கேட்க முடியும். நேரம் எதில் போகிறது என்று தெரிந்தால், எதைக் குறைத்தால் படிப்பு கெடாது என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுக் குறிப்பு இப்படி இருந்தது. ஐந்து நாளும் ஆறரை மணிக்கு உட்கார்ந்தான். முதல் திங்கள் 110 நிமிடம், தூங்கியது 9:40. செவ்வாய் 75 நிமிடம், 8:50. புதன் 125 நிமிடம், 10:05. வியாழன் 60 நிமிடம், 8:35. அடுத்த திங்கள் 105 நிமிடம், 9:35. மொத்தம் 475 நிமிடம், ஒரு நாளுக்குச் சராசரி 95.

அந்த 475 நிமிடங்களைப் பிரித்தபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. கணக்குப் போட்டது 130 நிமிடம். வாசிப்பு, சொல்வதெழுதலுக்குப் படித்தது 70 நிமிடம். அழுதது, அழித்தது, ரப்பரைத் தேடியது, சும்மா வெறித்துக்கொண்டிருந்தது எல்லாம் 85 நிமிடம். மீதி 190 நிமிடம், அதாவது நூற்றுக்கு நாற்பது பங்கு, புத்தகத்தில் இருக்கும் கேள்வியை அப்படியே நோட்டில் பார்த்து எழுதுவதில் போயிருந்தது! பதில் எழுதுவதில்கூட இல்லை, கேள்வியை எழுதுவதில். இத்தனை ஆண்டு "கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எட்டு வயதுக் கைக்கு அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

குறிப்பு எடுக்கும் வாரத்தில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். குழந்தையின் எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் எடுக்காதீர்கள். பரீட்சை போல ஆகி, ஒன்று பறந்து பறந்து எழுதும், இல்லை உறைந்து போகும். இரண்டாவது, நல்ல இரவுகளையும் அப்படியே எழுதுங்கள். எங்கள் குறிப்பில் வியாழன் எட்டரை மணிக்கெல்லாம் தூங்கிவிட்டான் என்று இருந்தது. அதை மறைக்காததால்தான் புதன்கிழமையை ஆசிரியை நம்பினார்.

எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். இடைவெளி பெரிது, ஏனென்றால் குழந்தைக்குக் குழந்தை மாறும். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க, நீண்ட விடுமுறையில் யாரும் எழுப்பாமல் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று கவனியுங்கள். முதல் சில நாட்களை விட்டுவிடுங்கள், அது பழைய பாக்கியைத் தீர்க்கும் தூக்கம். அதற்குப் பின் நிலையாக வரும் அளவுதான் அதன் அளவு. என் மகனுக்கு அது ஒன்பதரை மணி நேரம்.

இனி எழும் நேரத்திலிருந்து பின்னால் வாருங்கள். அவன் காலை ஆறரைக்கு எழ வேண்டும். அப்படியானால் இரவு ஒன்பதுக்குத் தூங்கியிருக்க வேண்டும். படுத்ததும் தூங்கிவிடுவதில்லை, எட்டரைக்குப் படுக்க வேண்டும். சாப்பாடு, பல் தேய்ப்பதற்கு ஒரு மணி நேரம் கழித்தால், ஏழரைக்கு நோட்டை மூட வேண்டும். ஆறரையிலிருந்து ஏழரை: அவனிடம் இருப்பது 60 நிமிடம். செலவாவது சராசரி 95. கடிதத்தின் உயிர் இந்த இரண்டு எண்கள்தான்.

தூக்கம் போதவில்லை என்பது சின்னக் குழந்தைகளிடம் எப்போதும் சோர்வாகத் தெரியாது. நிறையக் குழந்தைகள் நேர்மாறாக, அடங்காமல் துள்ளும், எதற்கெடுத்தாலும் அழும். "பத்து மணிக்கும் துறுதுறுவென்று இருக்கிறானே, தூக்கம் எங்கே வருகிறது" என்று நினைத்து ஏமாறுவோம். காலையில் பல முறை எழுப்ப வேண்டியிருப்பதும், விடுமுறை நாளில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதும் நம்பகமான அடையாளங்கள். போதுமான நேரம் தூங்கியும் பகலில் சோர்வு, இரவில் தொடர்ந்து குறட்டை என்றால், பார்க்க வேண்டியது மருத்துவரை. ஆசிரியருக்குக் கடிதம் எழுதி அது தீராது.

நம் வீட்டுப் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள்

ஆசிரியர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "ஏன் சீக்கிரம் உட்காரக் கூடாது?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் கடிதம் அனுப்பாதீர்கள்.

நாங்கள் முன்பு ஏழரைக்குத்தான் உட்காருவோம். அதை ஆறரைக்குக் கொண்டுவந்த பிறகு எடுத்ததுதான் மேலே சொன்ன குறிப்பு. வீடு வந்து சேர்வதே ஐந்தேகால். வந்ததும் உட்கார வைத்தும் இரண்டு நாள் பார்த்தேன். களைத்த கை இன்னும் மெதுவாக எழுதியது, லாபம் ஒன்றுமில்லை. டிவியை அந்த நேரத்தில் அணைத்தோம். என் பக்கத்திலும் ஒரு குற்றம் இருந்தது. எழுத்து அழகாக இல்லை என்று நானே அழிக்கச் சொல்லித் திரும்ப எழுத வைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை கேட்காத வேலை அது. அந்த 85 நிமிடத்தில் எவ்வளவு என்னால் வந்தது என்று எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

டியூஷன், பாட்டு வகுப்பு என்று மாலையில் வேறு ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் பாருங்கள். வாரத்தில் மூன்று மாலை வேறு வகுப்புகளில் போய்விட்டு வீட்டுப்பாடத்தைக் குறைக்கச் சொன்னால், நான் ஆசிரியையாக இருந்தபோது என்ன நினைத்திருப்பேனோ அதைத்தான் அவரும் நினைப்பார்.

என்ன கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டுக்கு மேல் கேட்காதீர்கள். ஐந்து மாற்றங்களைப் பட்டியலிட்டால் படிப்பவருக்கு அது கோரிக்கையாகப் படாது, குற்றப்பத்திரிகையாகப் படும். கேட்பது ஆசிரியருக்குக் கூடுதல் வேலை வைக்காததாகவும் இருக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு மட்டும் தனியாக ஒரு ஒர்க்ஷீட் தயாரித்துத் தரச் சொன்னால், நல்ல மனம் உள்ளவர்கூட இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுவார்.

எங்கள் குறிப்பு சொன்னபடி முதல் கோரிக்கை எளிதாகவே முடிவானது: கேள்வியைப் பார்த்து எழுதாமல், கேள்வி எண்ணை மட்டும் போட்டுப் பதிலை எழுத அனுமதி. படிப்பில் எதுவும் குறையாது, திருத்துவதும் எளிது. இரண்டாவது, ஒரு நேர வரம்பு. நாற்பது நிமிடம் ஆனதும் எங்கே நிற்கிறானோ அங்கே ஒரு கோடு போட்டு, நேரத்தை எழுதி நான் கையெழுத்திடுவேன். மீதிக்கு மறுநாள் தண்டனை இருக்கக் கூடாது. 60 நிமிடம் கையில் இருக்கும்போது ஏன் 40 கேட்டேன் என்றால், நோட்டைத் தேடுவது, எழுந்து தண்ணீர் குடிப்பது, வாசிப்புக்குப் பத்து நிமிடம் என்று மீதி எப்படியும் போய்விடும். விளிம்பு வரை கேட்டால் விளிம்பைத் தாண்டித்தான் முடியும்.

உங்கள் குறிப்பு வேறு எதையாவது காட்டலாம். ஒரே வகைக் கணக்கு பத்து இருக்கிறது, முதல் நான்கிலேயே குழந்தைக்குப் புரிந்துவிட்டது என்றால், ஒற்றைப்படை எண் கணக்குகளை மட்டும் போட அனுமதி கேளுங்கள். வாயால் ஐந்து நிமிடத்தில் சொல்லும் பதிலை எழுத அரை மணி ஆகிறதென்றால், பாதியை வாய்மொழியாகக் கேட்டு நீங்கள் கையெழுத்திடலாமா என்று கேளுங்கள். ஒரே நாளில் மூன்று பாடங்களும் வந்து குவிகின்றன என்றால் கேட்க வேண்டியது வேறு: ஒரு பாடத்தை இரண்டு நாள் கெடுவாக மாற்றுவது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் உள்ள பள்ளிகளில் இது அடிக்கடி நடக்கும். ஒவ்வொருவரும் இருபது நிமிட வேலைதான் கொடுத்ததாக நினைத்திருப்பார். மற்றவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் கடிதம் வகுப்பாசிரியருக்குத்தான் போக வேண்டும்.

"வீட்டுப்பாடமே வேண்டாம்" என்று கேட்கலாமா? நான் கேட்க மாட்டேன். கேட்டால் பேச்சு உங்கள் குழந்தையை விட்டுவிட்டு வீட்டுப்பாடம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குப் போய்விடும். அந்த விவாதத்துக்குத் தேவையான சரக்கு உலகில் உண்டுதான். ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் உடனிருந்தவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பிலிருந்து மேலே வலுவாகவும், சிறு வகுப்புகளில் பலவீனமாகவும் இருப்பதாகக் கண்டது. வகுப்பு எண்ணுக்குப் பத்து நிமிடம் என்ற வழக்கமான அளவுகோலும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது: மூன்றாம் வகுப்புக்கு 30 நிமிடம். இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் கடிதத்தில் போடாதீர்கள். தன் வேலையைப் பற்றித் தனக்கே பாடம் நடத்துகிறார்கள் என்று தோன்றினால் யாருக்கும் மனம் இறுகும். உங்கள் குறிப்புதான் உங்களிடம் மட்டும் இருக்கும் சான்று. ஆய்வு எல்லோரிடமும் இருக்கிறது.

கடிதம்

நான் அனுப்பியது, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு:

> மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,
>
> வணக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ……… என்பவனின் தாய் எழுதுகிறேன். அவனுடைய வீட்டுப்பாட நேரம் பற்றி ஒரு சிறு மாற்றம் கேட்டு இந்தக் கடிதம்.
>
> கடந்த ஐந்து பள்ளி நாட்களின் நேரத்தைக் குறித்து வைத்தேன், தாளை இணைத்திருக்கிறேன். மாலை 6:30க்கு உட்காருகிறான். வீட்டுப்பாடத்துக்குச் சராசரியாக 95 நிமிடம் ஆகிறது. ஐந்தில் மூன்று இரவுகளில் தூங்கும்போது ஒன்பதரை மணி தாண்டிவிட்டது; அந்த மூன்று நாட்களும் ஒன்பது மணி நேரத்துக்குக் குறைவாகவே தூங்கினான். காலையில் எழுப்புவது கடினமாக இருக்கிறது.
>
> கணக்கும் வாசிப்பும் அவன் விருப்பத்தோடு செய்கிறான். நேரத்தில் பெரும் பங்கு புத்தகத்திலுள்ள கேள்விகளைப் பார்த்து எழுதுவதில் போகிறது. அவன் மெதுவாக எழுதுபவன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.
>
> அதனால் மூன்று வாரங்களுக்கு மட்டும், முயற்சியாக, இரண்டு அனுமதி கேட்கிறேன். ஒன்று, கேள்வியை எழுதாமல் கேள்வி எண்ணைப் போட்டுப் பதிலை மட்டும் எழுதலாமா? இரண்டு, 40 நிமிடம் ஆனதும் நிறுத்திய இடத்தில் கோடு போட்டு நான் கையெழுத்திட்டு அனுப்பினால், மீதியைச் செய்யாததற்காக அவனைக் கேட்காமல் இருக்க முடியுமா?
>
> எங்கள் பக்கத்தில், உட்காரும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாக்கியிருக்கிறோம். அந்த நேரத்தில் டிவி இல்லை. அவன் வேலையை நாங்கள் செய்து தர மாட்டோம். தினமும் பத்து நிமிட வாசிப்பு தொடரும். வெள்ளிதோறும் அந்த வார நேரத்தை ஒரு வரியில் டைரியில் எழுதி அனுப்புகிறேன்.
>
> வகுப்பில் நீங்கள் பார்ப்பது இதிலிருந்து வேறுபட்டால் அறிய விரும்புகிறேன். வேறு வழி நல்லதென்று நினைத்தால் அதையும் முயல்கிறோம். நேரில் பேசுவது வசதி என்றால், உங்களுக்கு ஏற்ற பத்து நிமிடத்தைச் சொன்னால் வருகிறேன்.
>
> நன்றியுடன்,
> ………

இதில் சில இடங்களை வேண்டுமென்றே இப்படி எழுதினேன். இரண்டாவது வரியிலேயே விஷயம் வந்துவிடுகிறது. என் முதல் வரைவில் முதல் பத்தி முழுவதும் பள்ளியைப் புகழ்ந்திருந்தேன். புகழ்ச்சியைப் படிக்கும்போதே அடி எங்கே விழப்போகிறது என்று ஆசிரியர் தேட ஆரம்பித்துவிடுவார்.

"நீங்கள் இவ்வளவு கொடுக்கிறீர்கள்" என்ற வாக்கியம் எங்கும் இல்லை. "அவனுக்கு இவ்வளவு நேரம் ஆகிறது" என்றுதான் இருக்கிறது. அதே வீட்டுப்பாடம் பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு 35 நிமிடமாக இருக்கலாம். "அதிகம் கொடுக்கிறீர்கள்" என்றால் மற்றக் குழந்தைகளைக் காட்டி மறுத்துவிடலாம். "இவனுக்கு 95 நிமிடம் ஆகிறது" என்பதை மறுக்க முடியாது.

மூன்று வாரம் என்ற எல்லைதான் கடிதத்திலேயே அதிகம் வேலை செய்த சொல் என்று நினைக்கிறேன். நிரந்தர விலக்கு என்றால் ஆசிரியர் யாரையாவது கேட்க வேண்டும். மூன்று வார முயற்சி என்றால் பெரும்பாலும் தன் பொறுப்பிலேயே சரி சொல்லிவிடலாம். ஒரு வாரம் போதாது, ஒரு பரீட்சையோ காய்ச்சலோ வந்தால் கணக்கு கெட்டுவிடும்.

"வகுப்பில் நீங்கள் பார்ப்பது வேறுபட்டால்" என்ற வரியை மரியாதைக்காக மட்டும் போடவில்லை. வகுப்பில் முடிக்க வேண்டியதை முடிக்காமல் வீட்டுக்குக் கொண்டு வருகிறானா என்பது எனக்குத் தெரியாது. உண்மையில் அப்படித்தான் கொஞ்சம் இருந்தது.

என் கிழித்த வரைவிலிருந்து ஒரு வரி: "எட்டு வயதுக் குழந்தையை இரவு பத்து மணி வரை அழ வைப்பதுதான் கல்வியா?" எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஆசிரியர் எழுதக்கூடிய பதில் என்ன? தன்னைக் காத்துக்கொள்ளும் பதில் ஒன்றுதான். அப்படிப்பட்ட வரி வந்தால் வரட்டும், எழுதிவிடுங்கள். இரவு எழுதியதை மறுநாள் மாலை படித்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்புவது

உறையில் போட்டு நேரில் கொடுக்கலாம், இல்லை பள்ளி வைத்திருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். டைரியில் நீளமாக எழுதாதீர்கள். குழந்தை படிக்கும், பக்கத்துக் குழந்தையும் படிக்கும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். அங்கே எழுதியது அரை மணியில் ஆசிரியருக்குப் போய்விடும், அதுவும் பத்துப் பேர் சேர்த்த காரத்தோடு. முதல் கடிதத்தின் நகலைத் தலைமையாசிரியருக்கு அனுப்புவதும் தவறு. கேட்காமலேயே புகார் செய்ததாகிவிடும்.

குழந்தையிடம் எவ்வளவு சொல்வது? "எழுதுவதற்கு நேரம் ஆகிறதல்லவா, அதைப் பற்றி மிஸ்ஸிடம் பேசப்போகிறேன்" என்பது போதும். "மிஸ் ரொம்பக் கொடுக்கிறார்" என்று அதன் காதில் விழுந்தால் மறுநாள் வகுப்பில் அது அப்படியே ஒலிக்கும்.

பதில் வந்ததும்

சரி என்று வாய்வழியாகச் சொன்னால், அன்றே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: "கேள்வி எண்ணும் பதிலும் போதும், 40 நிமிடத்தில் நிறுத்தலாம், இந்தத் தேதி வரை என்று பேசிக்கொண்டோம். நன்றி." இது சந்தேகத்தால் அல்ல. ஆசிரியர் விடுப்பில் போய் வேறொருவர் நோட்டைப் பார்த்தால், அந்த இரண்டு வரிதான் குழந்தையைக் காப்பாற்றும்.

"மற்றப் பிள்ளைகள் எல்லாம் முடித்துவிடுகிறார்களே" என்பதுதான் அதிகம் வரும் பதில். நானே சொல்லியிருக்கிறேன். இதற்கு மற்றப் பெற்றோரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். "இருக்கலாம். அப்படியானால் இவனுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு உங்கள் உதவி வேண்டும். வகுப்பில் ஒருநாள் பத்து நிமிடத்தில் எத்தனை வரி எழுதுகிறான் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். இது ஆசிரியரை எதிர்த்தரப்பிலிருந்து உங்கள் பக்கத்து நாற்காலிக்குக் கொண்டுவரும் கேள்வி. பெரும்பாலும் அவர் பார்த்ததும் விஷயம் அவருக்கே புரிந்துவிடும்.

"பள்ளி விதி, நான் மாற்ற முடியாது" என்றால், யார் மாற்ற முடியும் என்று கேட்டு, அவரிடம் பேச உங்களோடு ஆசிரியரும் வர முடியுமா என்று கேளுங்கள். வேறு பெற்றோர் இன்னும் அதிக வீட்டுப்பாடம் கேட்டு நெருக்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே ஆசிரியருக்கு உங்கள் கடிதம் கையில் இருப்பதே ஒரு உதவி.

பதிலே இல்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஒரு வரி நினைவூட்டல். இன்னொரு வாரம் கழித்து நேரில். அதன் பிறகும் ஒன்றும் இல்லை, அல்லது செய்யாததற்காகக் குழந்தையை வெளியே நிறுத்தினார்கள், விளையாட்டு நேரத்தைப் பறித்தார்கள் என்றால், அப்போது தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். அதே கடிதம், அதே குறிப்பு, நடந்ததன் தேதிகள். குரலை உயர்த்தத் தேவையில்லை, தேதிகளே போதும்.

மூன்று வாரம்

எங்களுக்கு அனுமதி கிடைத்தது, ஒரு மாற்றத்தோடு. கணக்கில் வாக்கியக் கணக்குகளுக்கு மட்டும் கேள்வியை எழுதட்டும் என்றார் ஆசிரியை, கேள்வியைச் சரியாகப் படிக்காமலே எண்களைக் கூட்டிவிடுகிறான் என்று. அது எனக்குத் தெரியாத செய்தி. ஒப்புக்கொண்டேன். 40 நிமிடக் கோட்டை நான் கறாராகப் போடவில்லை. முதல் வாரம் சராசரி 52 நிமிடம், ஏனென்றால் பழக்க தோஷத்தில் கேள்வியை எழுதத் தொடங்கிவிட்டு அழித்தான். இரண்டாம் வாரம் 44, மூன்றாம் வாரம் 41. கடைசி வாரத்தில் ஒரே ஒரு இரவுதான் ஒன்பது மணியைத் தாண்டியது. அது வீட்டுப்பாடத்தால் இல்லை, விருந்தாளி வந்ததால்.

உங்கள் வீட்டில் நேரம் குறையாமல் போகலாம். பாதி வேலை குறைந்தும் அதே ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், பிரச்சினை அளவில் இல்லை. அப்போது ஒரு மாலை இப்படிச் சோதித்துப் பாருங்கள். எழுதச் சொல்லாமல் கேள்விகளை நீங்களே படித்து, பதிலை வாயால் கேளுங்கள். சட்டென்று சரியாகச் சொன்னால் சிக்கல் எழுதுவதில் இருக்கிறது. நீங்கள் படித்தால் பதில் வருகிறது, தானே படித்தால் வரவில்லை என்றால் வாசிப்பில். வாயாலும் பதில் வரவில்லை என்றால் பாடம் புரியவில்லை, அது வகுப்பில் மறுபடி சொல்லித் தர வேண்டிய விஷயம். பார்த்து எழுதும்போது மட்டும் வரி தவறுகிறது, கண்ணைச் சுருக்குகிறது என்றால் முதலில் கண் பரிசோதனை. இவை நோயைக் கண்டுபிடிக்கும் வழிகள் அல்ல, யாரிடம் போக வேண்டும் என்று காட்டும் குறிகள் மட்டுமே. எழுதுவதிலோ வாசிப்பதிலோ கவனத்திலோ குறைபாடு இருப்பதாக நிபுணர் எழுதித் தந்தால், அதன் பிறகு மூன்று வார முயற்சியாகக் கேட்க வேண்டாம். அறிக்கையை இணைத்து, ஆண்டு முழுவதற்குமான ஏற்பாடாக, எழுத்தில் பதில் வேண்டி, பள்ளி நிர்வாகத்திடமே கேளுங்கள்.

மூன்றாம் வார வெள்ளிக்கிழமை, நேரங்களை எழுதிய வரிக்குக் கீழே "இதையே இந்த ஆண்டு முடியும் வரை தொடரலாமா?" என்று சேர்த்து அனுப்பினேன். திங்களன்று டைரியில் சிவப்பு மையில் "சரி" என்று இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி: "வகுப்பு முழுவதற்கும் கேள்வி எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன்." அந்தத் தாள்களை எல்லாம் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நான்காம் வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரத்தில் புது ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் வேண்டாம், அவருக்கு இன்னும் பெயர்களே மனதில் பதிந்திருக்காது.